246க்குப் பிறகு வரும் இலக்கங்கள்

சாகாமம் குளத்தின் கீழ்ப்பக்கம், வயலோரக் கிணறொன்றின் தண்ணீர் அது. இரண்டு போத்தல்களில் எடுத்து வந்து, அதன் வன்மையை அறிய உயர்தர மாணவர்கள் ஈ.டி.டி.ஏ. நியமிப்புச் செய்துகொண்டிருந்தார்கள். குழாயியால் 50 மில்லிலீற்றர் நீர், பி.எச். 10 தாங்கல், ஒரு சிட்டிகை எரியோக்குரோம் பிளாக் காட்டி. அளவி 0.20இலிருந்து 12.50 வரை இறங்கியதும் வைன் சிவப்பு முற்றாக நீலமானது. கணிப்பானில் 246.0626 வந்தது, அலகு, இலீற்றருக்கு மில்லிகிராம் கல்சியம் காபனேற்று.

“முழுசா எழுதவா சேர்?” என்றான் ஒரு மாணவன்.

“நம்மட அளவிக்கு அவ்வளவு தெரியாதே மகன். முதல்ல வழுவைப் பார்ப்பம்” என்றார் ஆசிரியர்.

அளவியின் ஒவ்வொரு வாசிப்பிலும் 0.05 மில்லிலீற்றர் நிச்சயமின்மை. நிறம் மாறும் இடத்தில் ஒரு துளி, அதுவும் ஏறக்குறைய 0.05. இவை மூன்றும் ஒரே பக்கம் சாய்வது அரிது. அதனால் நேரே கூட்டாமல், வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தார்கள்: 0.087. அது 12.30இல் 0.70 சதவீதம்.

ஈ.டி.டி.ஏ. உப்பு 3.72 கிராம், தராசு 0.01 வரைதான் காட்டும்: 0.27 சதவீதம். குழாயிக்கு 0.10, ஒரு இலீற்றர் கனமானக் குடுவைக்கு 0.08. பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே உள்ள கணக்கு என்பதால் சதவீதங்களையே அதே முறையில் சேர்க்கலாம். கிடைத்தது 0.76 சதவீதம், அதாவது 1.9 மில்லிகிராம்.

நிச்சயமின்மையே ஒன்றாம் இலக்கத்தில் இருக்கும்போது தசமத்துக்குப் பின்னால் எழுதுவதில் பொருளில்லை. இடையில் எதையும் மட்டந்தட்டாமல், கடைசியில் மட்டும் 246 ± 2 என எழுதினார்கள். என் மனதில் நின்றது அடுத்த கேள்விதான்: இந்த நீர் தரத்துக்குள் அடங்குமா? இலங்கைக் குடிநீர்த் தரமான எஸ்எல்எஸ் 614 சொல்லும் உச்ச அளவு 250. 95 சதவீத நம்பிக்கைக்கு நிச்சயமின்மையை இரட்டிப்பாக்கினால் 246 ± 4. மேல் நுனி 250ஐயே தொடுகிறது. வெறும் 246 என்று கண்டவர் தரத்துக்குள் என்று தீர்ப்புச் சொல்லியிருப்பார்.

நிச்சயமின்மையைக் குறைக்க நல்ல தராசு வேண்டுமா? வர்க்கங்களைப் பார்த்தால் மொத்தத்தில் கிட்டத்தட்ட 85 சதவீதம் அளவியினுடையது; தராசை மாற்றிப் பெரிய பயன் இல்லை. அதே குழாயியால் இருமுறை எடுத்து 100 மில்லிலீற்றர் நீரை நியமித்தார்கள். அளவியில் 24.55 இறங்கியது. அதே 0.087 இப்போது 0.35 சதவீதம் ஆயிற்று, மொத்தம் 0.46. இரட்டிப்பாக்கிய பின்னும் 246 ± 2. மேல் நுனி 248, எல்லைக்குள்.

இந்தக் கணக்கு காணாத ஒன்றும் உண்டு. உப்பு ஈரம் பிடித்திருந்தால் கரைசலின் உண்மைச் செறிவு கணக்கிட்டதைவிடக் குறையும். அளவியில் கூடுதலாக இறங்கும், விடை கூடிக் காட்டும். எத்தனை முறை திரும்பச் செய்தாலும் ஒரே விடை வருவதால் அது கண்ணில் படாது. தூய கல்சியம் காபனேற்றை நிறுத்துக் கரைத்து, அதைக்கொண்டு ஈ.டி.டி.ஏ.யின் செறிவைச் சரிபார்த்தால்தான் பிடிபடும். மறுநாள் வேலையாக ஆசிரியர் கரும்பலகையில் எழுதியது அதைத்தான்.