"நஈமன்"

சில ஆண்டுகள் ஷார்ஜாவில் பணியாற்றினேன். ஒருநாள் முடி வெட்டிக்கொண்டு அறைக்குத் திரும்பியபோது, உடன் தங்கியிருந்த சிரியா நாட்டு நண்பர் என் தலையைப் பார்த்ததும் "நஈமன்" என்றார். குளித்து வந்தவருக்கும் முடி வெட்டியவருக்கும் அரபியர் கூறும் வாழ்த்து அது. இன்பமாய் அமையட்டும் என்பது போன்ற பொருள். "அல்லாஹ் யுன்இம் அலைக்" என மறுமொழி கூறவேண்டும். அன்று அதை அறியாமல் சிரித்து வைத்தேன். அழகாக இருக்கிறாய் என்றிருந்தால் கூசிப்போயிருப்பேன். இதிலோ, என் தோற்றத்தை அவர் எடைபோடவில்லை. மாற்றத்தைக் கவனித்து, நலம் நாடினார். அவ்வளவே.

சென்ற நோன்புப் பெருநாளில் மாமி என் மகளின் கன்னத்தைத் தொட்டு, "மாஷா அல்லாஹ், பூசினாப்போல அழகா இருக்கே" என்றார். மாமியின் இளமைக் காலத்தில் அது, வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை என்னும் மகிழ்ச்சி. பதினான்கு வயதுப் பெண்ணுக்கோ, நீ பருத்துவிட்டாய் என்று சபையில் சொன்னதாகப்பட்டது. "மாஷா அல்லாஹ்" கண்ணேறுக்குக் காவலாகலாம். கூச்சத்துக்கு ஆகாது போலும்.

அன்று அவள் பிரியாணியைத் தொடவில்லை. "பிள்ளை ஏன் சாப்பிடல?" என்று முதலில் கவலைப்பட்டவரும் மாமிதான்.