முதல் நரம்பு

பால் தீய்ந்த நாற்றம் முதலில் என் மாமியாருக்குத்தான் தெரிந்தது. அவர் கூடத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்புக்கு மூன்றடி தள்ளி நின்று தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "அடுப்படியிலதான நிக்கிற, மூக்கு எங்க போச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எவ்வளவு சரியானது என்று அன்றைக்கு எங்கள் இருவருக்குமே தெரியாது.

ஒன்பது நாள் முன்பு பைக்கிலிருந்து விழுந்திருந்தேன். புடவையில் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தேன். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டதும் பின்னால் சரிந்தேன். பின்மண்டை தார்ச்சாலையில் அடித்தது. ஹெல்மெட் ஓட்டியவரின் தலையில் இருந்தது. சில நிமிடம் எங்கே இருக்கிறேன் என்று புரியவில்லை, அவ்வளவுதான். ஸ்கேனில் எலும்பு முறிவு இல்லை, ரத்தக்கசிவு இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்ணில் டார்ச் அடித்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள். எதையும் முகர்ந்து பார்க்கச் சொல்லவில்லை.

அன்று காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கைக் கிட்டத்தட்ட உள்ளேயே நுழைத்தேன். ஒன்றுமில்லை. சளி பிடித்தால் வரும் மந்தம்கூட இல்லை. காற்று தாராளமாக உள்ளே போயிற்று. அதில் எதுவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து என்னைப் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு பெண். கண்ணை மூடச் சொல்லி, ஒரு நாசியை அடைத்து மற்றதில் காப்பித்தூளைக் காட்டினார். பிறகு அடுத்த நாசி. பிறகு ஏதோ ஒன்றைக் காட்டியதும் மூக்கு சுரீரென்று எரிந்து கண்ணில் நீர் வந்தது. அம்மோனியா. "இது தெரியும். தெரியலேன்னு சொன்னாத்தான் எனக்குச் சந்தேகம் வரும்" என்றார். எரிச்சலை எடுத்துச்செல்வது முகத்தின் தொடு உணர்வுக்கான வேறொரு நரம்பு. மிளகாயின் காரமும் விக்ஸின் குளிர்ச்சியும் எனக்கு மிஞ்சியது அதன் தயவில்தான். உப்பும் புளிப்பும் நாக்கில் மிஞ்சின. ரசத்தில் மிஞ்சியது வெறும் புளித்த, காரமான வெந்நீர்.

அவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். வாசனையை அறிவது நாம் தொட்டுப் பார்க்கும் மூக்கு அல்ல. மூக்கறையின் கூரையில், இரண்டு கண்களுக்கும் இடைப்பட்ட உயரத்தில், பக்கத்துக்கு ஒரு தபால்தலை அளவில் மஞ்சளோடிய மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் பல லட்சம் நரம்புச் செல்கள். ஒவ்வொன்றும் ஒரே வகை ஏற்பியை மட்டும் தாங்கி நிற்கிறது. மனிதருக்கு அப்படிச் சுமார் 400 வகை. அந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த இருவரில் ஒருவர் லிண்டா பக் என்கிற பெண். 2004இல் ரிச்சர்டு ஆக்ஸலோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

இந்தச் செல்களிலிருந்து கிளம்பும் இழைகள் சிறுசிறு கற்றைகளாகச் சேர்ந்து, சல்லடை போல் ஓட்டைகள் உள்ள மெல்லிய எலும்பின் வழியே மண்டையோட்டுக்குள் ஏறுகின்றன. எலும்பின் மேலேயே முகர்குமிழ் படுத்திருக்கிறது. அங்கே ஒரே வகை ஏற்பியின் இழைகள் ஒரே முடிச்சில் கூடுகின்றன. அங்கிருந்து செய்தி நினைவும் அச்சமும் குடியிருக்கும் பகுதிகளுக்குப் போகிறது. பார்வையும் ஒலியும் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் வழியாகத்தான் உள்ளே போகும். வாசனை அந்த வாசலில் காத்திருப்பதில்லை. மூளையிலிருந்து வரும் பன்னிரண்டு இணை நரம்புகளை எண்ணும்போது இதுவே முதலாவது. அவசரமான பரிசோதனைகளில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான்.

பின்மண்டையில் அடிபட்டால் முன்னால் இருக்கும் மூக்கு ஏன் போக வேண்டும்? மூளை நீரில் மிதக்கிறது. மண்டையோடு சாலையில் மோதி நின்றுவிட்ட பிறகும் மூளை ஒரு கணம் நகர்கிறது. முகர்குமிழ் மூளையோடு நகர்கிறது, இழைகளோ எலும்பின் ஓட்டைகளில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. இடியாப்ப உழக்கைப் பிழிந்தபடி கையை லேசாக நகர்த்திப் பாருங்கள், இழைகள் ஓட்டையோரத்தில் அறுந்துவிடும். அதேதான், தலைகீழாக. எலும்பு உடைய வேண்டியதில்லை, நினைவு தப்ப வேண்டியதில்லை. இழைகள் அவ்வளவு மெலிதானவை என்பதால் சாதாரண ஸ்கேனில் அறுந்தது தெரியாது. நான் பொய் சொல்லவில்லை என்பதற்குக் காகிதத்தில் சான்று இல்லாமல் போனது இப்படித்தான்.

தொல்காப்பியம் உயிர்களை அறிவால் வரிசைப்படுத்தும்போது மூக்கை மூன்றாம் அறிவாக வைத்து, சிதலையும் எறும்பையும் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். சர்க்கரை டப்பாவை மொய்க்கும் எறும்பைப் பார்த்து அந்த வாரம் உண்மையாகவே பொறாமைப்பட்டேன்.

வீட்டில் யாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை. சாம்பார் ஊசிப்போனதா, குழந்தை டயப்பர் நனைந்ததா, கேஸ் கசிகிறதா என்று கண்டுபிடிப்பது யாருடைய மூக்கின் வேலை என்பது அது நின்றபோதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. "கவனமே இல்ல" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பெரியம்மா நினைவு வந்தது.

பெரியம்மாவை எங்கள் குடும்பத்தில் "மூக்கு செத்தவ" என்பார்கள். ஊசிப்போன குழம்பை ஒருநாள் பந்தியில் பரிமாறிவிட்டாராம். முப்பது வருடமாக அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறோம். நானும் சிரித்திருக்கிறேன். போன் செய்து, எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"சின்னவன் வயித்துல இருக்கும்போது. ஒங்க பெரியப்பா முடியப் புடிச்சுப் பின்மண்டைய செவுத்துல மோதுனாரு. அதுவரைக்கும் தாளிப்பு வாசம் வந்தாலே ஓடிப்போய் வாந்தி எடுப்பேன். மறுநாள்லேருந்து வாந்தி நின்னுபோச்சு. மசக்கை தெளிஞ்சிருச்சுன்னாங்க. புள்ள பொறந்தப்பறம்தான் எனக்கே தெரிஞ்சது. தலைய மோந்து பாத்தா ஒண்ணுமில்லடி."

வயதானாலும் மூக்கு மங்கும், சளித் தொல்லையாலும் மங்கும். ஆனால் அவை பெரும்பாலும் மெல்ல வருபவை. நேற்று இருந்தது இன்று இல்லை என்று நாளைக் குறித்துச் சொல்ல முடிந்தால் அடியையும் சந்தேகிக்க வேண்டும். வாந்தி நின்ற நாளை அவர் முப்பது வருடமாக நினைவில் வைத்திருந்தார். கேட்கத்தான் ஆளில்லை.

எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. முகர் செல்கள் மற்ற நரம்புச் செல்களைப் போல அல்ல. சவ்வின் அடியிலுள்ள செல்கள் வாழ்நாள் முழுக்கப் புதியவற்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. புதிய இழைகள் மறுபடி சல்லடை ஏறிக் குமிழைத் தேடும். ஆனால் காயம் ஆறும்போது ஓட்டைகளில் தழும்பு மூடிவிட்டால் வழி கிடையாது. திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே வரும், பலருக்கு வருவதே இல்லை என்றார் மருத்துவர். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட பயிற்சியைத் தொடங்கச் சொன்னார். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சில நொடி முகர வேண்டும், 12 வாரமாவது. நான் விடாமல் செய்தேன். ஏழாம் மாதம் கிராம்பு வந்தது, ஆனால் கிராம்பாக இல்லை, பிளாஸ்டிக் எரிவதுபோல. இழைகள் வந்து சேர்ந்திருக்கின்றன, வீட்டு எண்தான் மாறிப்போயிருக்கலாம் என்றார். அன்று மாலையே சமையலறையில் கேஸ் கசிவு எச்சரிக்கும் கருவி ஒன்றை மாட்டினேன். இந்த வீட்டில் இனி அது மோந்து பார்க்கட்டும்.

அடுத்த மாதம் பெரியம்மாவை அழைத்துப் போனேன். இனிப் பயனிருக்காது என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பெரியம்மாவிடமும் சொன்னேன். "பரவால்ல, பாக்கட்டும்" என்றார். காப்பித்தூளுக்கு இரண்டு நாசியிலும் தலையாட்டிவிட்டார். அம்மோனியாவைக் காட்டியதும் துள்ளிப் பின்வாங்கி, "எரியுதே!" என்று கத்தினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மருத்துவர் பேனாவை எடுத்து, தலையில் எப்போதாவது அடிபட்டிருக்கிறதா, எப்படி என்று கேட்டார். வழக்கமாக, கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்பார். இந்த முறை என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, சுவர் எந்த அறையில் இருந்தது என்பதிலிருந்து சொல்லத் தொடங்கினார்.