பெயர் மறப்பதும் வழி மறப்பதும்

நாற்பது ஆண்டுகள் பத்திரிகைக் காரியாலயங்களில் பெயர்களோடு வாழ்ந்தவன் நான். இப்பொழுது பெயர்களே என்னைக் கைவிடுகின்றன. சென்ற வாரம் மட்டக்களப்புச் சந்தையில் பழைய நண்பர் ஒருவரைக் கண்டேன். முகம் தெரிந்தது, பெயர் வரவில்லை. வீடு திரும்புகையில், கல்லடிப் பாலத்தின் நடுவில் அது தானாகவே வந்தது. இது முதுமையின் இயல்பு. செய்தி மூளையில் இருக்கிறது. எடுத்துத் தருவதில்தான் தாமதம்.

இந்த நியாயத்தைப் பெரியம்மாவுக்கும் பொருத்திப் பார்த்ததே நான் செய்த தவறு.

அவருக்கு அப்போது 74 வயது. வாவிக்கரையோரம் மகளோடு வாழ்ந்தார். ஒருநாள் போயிருந்தபோது, "எப்ப வந்த மனே?" என்று கேட்டார். பத்து நிமிடத்தில் மீண்டும் அதே கேள்வி. ஏற்கனவே கேட்டதை நினைவூட்டினேன். கேட்டதாகவே அவருக்குத் தெரியவில்லை. "வயது போனால் இப்படித்தான் அக்கா. 2004 கடல்கோளின் துயரமும் இருக்கும்தானே" என்று அவருடைய மகளுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஓராண்டு சென்றது. ஐம்பது வருடங்களாகப் பிட்டு அவித்தவர், மாவைக் குழைத்து வைத்துவிட்டு அடுத்தது என்னவென்று தெரியாமல் நின்றார். தானே ஒளித்து வைத்த காசை அயலவர் எடுத்ததாகச் சொன்னார். ஒருநாள் கோயிலிலிருந்து வீட்டுக்கு வரும் வழியை மறந்து, வாவிக்கரையில் அமர்ந்திருந்தார். அவரைக் கேட்டால், "எனக்கு ஒண்டுமில்ல" என்பார்.

அதன்பின்னரே மருத்துவரிடம் சென்றோம். அவர் மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரங்கழித்துக் கேட்டார். குறிப்புக் கொடுத்தும் ஒன்றும் வரவில்லை. கடிகாரம் வரையச் சொன்னபோது எண்களெல்லாம் ஒரு பக்கத்தில் குவிந்தன. எப்போது தொடங்கியது, எந்த வேலைகள் தடைப்பட்டன என்று அக்காவிடம் தனியே விசாரித்தார். தைரொயிட் குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, உட்கொள்ளும் மாத்திரைகள், விழுந்ததால் தலைக்குள் ஏற்பட்ட இரத்தக்கசிவு ஆகியவையும் இவ்வாறு தோன்றலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு என்றார். இரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கானும் அவற்றை விலக்கின. எஞ்சியது அல்சைமர் நோய்.

சில மணி நேரங்களில் அல்லது சில நாட்களில் திடீரெனக் குழப்பம் வந்தால், அது கிருமித்தொற்றாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம், உடனே கொண்டுவர வேண்டும் என்றும் எச்சரித்தார்.

மருந்து நோயை மாற்றாது. சிலருக்குச் சிறிது காலம் உதவும். ஆயினும் இழந்த அந்த ஓராண்டு பெரிது. படுவான்கரையிலிருந்த தம் வயற்காணியை யாருக்கு எழுத வேண்டுமென்று பெரியம்மா முன்னரே தீர்மானித்திருக்கலாம். நாங்கள் கேட்டபோது அவரால் அந்தக் கேள்வியையே விளங்கிக்கொள்ள முடியவில்லை.

பெயர் மறந்தால் நான் இன்று கவலைப்படுவதில்லை. ஆனால் கேட்டதையே திரும்பக் கேட்டாலோ, பழகிய வேலையில் தடுமாறினாலோ, தெரிந்த வழியைத் தவறவிட்டாலோ, என் பேச்சைப் பொருட்படுத்தாமல் மருத்துவரிடம் கூட்டிச் செல்லும்படி மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த வேளையில் எனக்கு ஒன்றுமில்லையென்றே நானும் சொல்லக்கூடும்.