இரவு உணவில் எஞ்சும் புரதக் கணக்கு

என் எடை 65 கிலோ. கிலோவுக்கு 0.83 கிராம் என்னும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் அளவுப்படி, நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் வேண்டும். மருத்துவர் எனக்கு விதித்த வரம்போ 1500 கலோரி.

நேற்று மஃரிப் தொழுகைக்குப் பின் கூட்டிப் பார்த்தேன். 1100 கலோரி முடிந்திருந்தது. புரதம் 30 கிராமே சேர்ந்திருந்தது. எஞ்சிய 400 கலோரிக்குள் 24 கிராம் சேர வேண்டும். தல்லாகுளத்தில் எங்கள் வீட்டு இரவு உணவு இட்லிதான். மூன்று இட்லியில் சுமார் 180 கலோரி, 6 கிராம் புரதம். இன்னும் 18 கிராம் குறை.

“வேர்க்கடலை அவித்துத் தரட்டுமா?” என்றார் மனைவி. அந்த 18 கிராமுக்கு 70 கிராம் பருப்பு வேண்டும். அதுவே 400 கலோரி. கடலையில் புரதத்தைவிடக் கொழுப்பே மிகுதி.

தோல், எலும்பு நீக்கிய கோழி நெஞ்சுக்கறியோ, சமைக்குமுன் நிறுத்த 80 கிராமிலேயே 18 கிராமைத் தந்துவிடுகிறது, அதுவும் 100 கலோரிக்குள். மிளகிட்டு வதக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய், 45 கலோரி. மீதம் சட்னிக்கு. தேங்காய் அரைத்த சால்னாவாக்கினால் வரம்பு மீறிவிடும். எலும்போடு நிறுத்தாலோ புரதம் குறைந்துவிடும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது.

கறி இல்லாத நாளில் ஒரு முழு முட்டையோடு நான்கு வெள்ளைக்கரு: சுமார் 20 கிராம், 145 கலோரி. மஞ்சள்கரு பிள்ளைகளின் முட்டைத் தோசைக்குப் போகிறது.