பாகி என்றால் எப்போது?

பத்துமலையில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் முருகன் சிலை தெரியும். 140 அடிச் சிலை. விடியற்காலை வேலை முடிந்து மோட்டாரில் திரும்பும்போது வெயில் முதலில் அதன் தலையில்தான் விழும். பதினோரு ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் தூங்கப் போயிருக்கிறேன். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜாகா வேலை. மாலை 7 முதல் காலை 7 வரை, வாரத்தில் ஆறு இரவு.

இனிப்புநீர் எனக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. நம் வீடுகளில் அது புதிதல்ல. சுகாதார அமைச்சின் 2019 ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் மூன்றில் ஒருவரை நெருங்கியது. மாத்திரையில் அடங்காமல் போனபோது கிளினிக்கில் 30/70 கலவை இன்சுலின் கொடுத்தார்கள். அதில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்வது, 70 பங்கு மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்பது. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் ‘பாகி 20, மாலாம் 14’ என்று எழுதியிருந்தது. பாகி என்றால் காலை, மாலாம் என்றால் இரவு. இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நான் இரவில் வேலை செய்கிறவன் என்று டாக்டரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை, எனக்கும் அது சொல்ல வேண்டிய செய்தியாகப் படவில்லை.

அதனால் காலை ஏழேகால் மணிக்கு வீட்டுக்கு வந்து 20 யூனிட் போட்டுக்கொள்வேன். இரண்டு தோசை பசியாறிவிட்டு எட்டரைக்குப் படுத்தால் மூன்று, நான்கு மணிவரை தூக்கம். மாலை ஆறு மணிக்கு 14 யூனிட், சோறு, பிறகு வேலை.

இந்த மருந்தின் 70 பங்குப் பகுதி, போட்டு நான்கு மணி நேரத்துக்கு மேல்தான் உச்சத்துக்கு வரும். பிறகும் சில மணி நேரம் அங்கேயே நிற்கும். பகலில் விழித்திருப்பவனுக்கு அது மதியச் சோற்றைப் பார்த்துக்கொள்ளும். அதற்காகத்தான் காலை அளவைக் கூட்டி எழுதுகிறார்கள். நானோ அந்த நேரத்தில் வயிற்றில் ஒன்றுமில்லாமல் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பேன். மருந்து வேலைக்கு வந்து பார்த்தால் சோறு இல்லை.

இதற்கு மேல் என் சொந்தக் கெட்டிக்காரத்தனம் ஒன்று. அதிகாலை 3 மணிக்கு ஜாகா வேலையில் கண் சொக்கும். எதிரே மாமாக் கடை, இரவெல்லாம் திறந்திருக்கும். இரண்டு ரொட்டிச் சானாய், ஒரு தே தாரிக். ஏழு மணிக்கு விரலில் குத்திப் பார்த்தால் 14.6 காட்டும். காலையில் இவ்வளவு இருக்கிறதே, மருந்து பற்றவில்லை என்று நானே 20-ஐ 22 ஆக்கினேன். அந்த 14.6 ரொட்டியின் கணக்கு. மருந்துக் குறைவின் கணக்கு அல்ல. மூன்று மணி ரொட்டிக்கு ஏழு மணி ஊசியைக் கூட்டினால், அடி விழுவது மதியம் தூங்குகிறவன் மேல்.

விழுந்தது. ஒரு நாள் மதியம் ஒரு மணிக்கு மனைவி அறைக்குள் வந்திருக்கிறாள். தலையணை தொப்பலாக நனைந்திருந்ததாம். கூப்பிட்டதற்கு ஏதோ தோட்டத்துக் கதையை உளறியிருக்கிறேன். அளந்து பார்த்தால் 2.9. நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. விழுங்க முடிகிறது என்று தெரிந்ததும் மூன்று கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்து, ஏறியபின் சோறு போட்டாள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 999-ஐத்தான் அழைக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் முன்பே அடையாளம் இருந்தது. எழும்போது தலைவலி, ஈரமான பனியன், கெட்ட கனவு. வெக்கை என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் கிளினிக்கில் மருந்தாளர் பெண் ஒருத்தி, என் மகள் வயதுதான் இருக்கும், ஒரு தாளை நீட்டினாள். “அங்கிள், மணியை விடுங்க. எப்போ எழுந்திருக்கிறீங்க, எப்போ பெரிய சாப்பாடு, எப்போ படுக்கிறீங்க, அதை மட்டும் கோடு போட்டுக் காட்டுங்க,” என்றாள். கோடு போட்டேன். என் ‘காலை’ மாலை நாலு மணிக்கு இருந்தது. அவள் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அளவு திருப்பி எழுதப்பட்டது. தூங்கி எழுந்தபின், ஐந்தரைக்குப் பெரிய அளவு, 18. அரை மணி நேரம் கழித்து நாளின் முழுச் சாப்பாடு. அந்த மருந்து உச்சத்துக்கு வரும் பதினோரு மணிக்கு இரண்டு துண்டு கோதுமை ரொட்டி, ஒரு முட்டை. அதற்குப் பிறகு தே ஓ கோசோங் மட்டும், பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. காலை ஏழேகாலுக்குச் சிறிய அளவு, 10, பிறகு பசியாறல், தூக்கம். மொத்தத்தில் முன்பைவிடக் குறைத்தே தொடங்கினார்கள். இவை என் உடம்புக்கு எழுதிய எண்கள். வேறு இன்சுலின் போடுகிறவருக்குக் கணக்கே வேறு.

மூன்று மணி ரொட்டியை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் நம் வேலை நேரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்வதில்லை. அதே ரொட்டியை இரவில் தின்றால் சர்க்கரை கூடுதலாக ஏறும். பாஸ்டனில் இதைச் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். இரவு வேலைபோல விழிக்க வைத்து, சிலருக்கு இரவிலும் உணவு கொடுத்தார்கள், சிலருக்குப் பகலில் மட்டும். இரவில் உண்டவர்களுக்கே சர்க்கரை ஏறியது. ஆனால் அவர்கள் நோயில்லாத இளையவர்கள், வெறும் 19 பேர். இன்சுலின் போடுகிறவன் அதைப் படித்துவிட்டு இரவு முழுக்கப் பட்டினி கிடந்தால் விழுந்துவிடுவான். என் பதினோரு மணி ரொட்டியை அதனால்தான் எடுக்கவில்லை.

அளப்பதும் மாறியது. முன்பு ஏழு மணிக்கு மட்டும் அளப்பேன். இப்போது படுக்கும் முன் ஒன்று, எழுந்ததும் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். படுக்கும்போது 9, எழும்போது 6 என்றால் சரி. எழும்போது 5-க்குக் கீழே அடிக்கடி வந்தால் காலை ஊசியைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். படுக்கும்போதே 14 என்றால் ஊசியைத் தொடாதே, இரவு என்ன தின்றாய் என்று யோசி என்றார். வீட்டுக்கு மோட்டார் எடுக்கும் முன்னும் அளப்பேன்; 5-க்கு மேல் இருந்தால்தான் சாவி.

மாற்றும் நாள்தான் வம்பு. விடுமுறை அன்று மனிதர்களோடு சேர்ந்து விழிக்க ஆசை வரும். அன்று காலைச் சிறிய அளவு போட்டு மதியம்வரை மட்டும் தூங்கி எழுந்து சாப்பிடுவேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் சிறிய அளவுதான். பெரியது மறுநாள் காலைக்கு. அன்றே மாலையில் மறுபடி வேலைக்குப் போகிறேன் அல்லவா, அப்போதும் சிறியதே. பெரிய ஊசி இரண்டு நெருங்கி விழக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். தைப்பூச இரவில் எவனாவது ‘பிரசாதம்தானே’ என்று பஞ்சாமிர்தத்தை நீட்டினால், ஒரு விரல் நுனியோடு நிறுத்திக்கொள்வேன். முருகன் கோபிக்கமாட்டான்.

ரத்தப் பரிசோதனையிலும் ஒரு சிக்கல். ‘இரவு பத்து மணிக்குமேல் சாப்பிடாமல் காலை ஏழரைக்கு வாருங்கள்’ என்று சீட்டு கொடுப்பார்கள். நான் அந்த நேரத்தில் வேலையில் இருப்பவன், பதினோரு மணிக்குத் தின்றாக வேண்டியவன். மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனைக்கு மணி கிடையாது, எப்போதும் எடுக்கலாம். வெறும் வயிற்றுச் சோதனை என்றால் முதல் நாள் இரவு வேலையை ஒரு நேப்பாளத் தம்பியோடு மாற்றிக்கொள்வேன். அவனுக்கும் போன வருடம் இனிப்புநீர் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது மூன்று மணிக்கு மாமாக் கடைக்குக் கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகிறான்.

மருந்துப் பெட்டியில் ‘பாகி’ என்ற சொல்லை மனைவி பேனாவால் அடித்துவிட்டு, மேலே ‘எழுந்ததும்’ என்று எழுதியிருக்கிறாள்.