கடைசிக் காசோலை

அச்சக நாட்களிலிருந்து பழக்கமான ஒப்புநோக்குநர் ஒருவர் அண்மையில் ஒரு தாளுடன் வீட்டுக்கு வந்தார். ஆசிரியபீடத்தில் ஏற்பட்ட வாக்குவாதத்தின் பின் அன்றே கடிதம் கொடுத்துவிட்டு வெளியேறியவர். அன்று வரையான சம்பளம் கிடைத்துவிட்டது. தாளில் இருந்தது மீதிக் கணக்கு. "அண்ணை, இது சரியோ?" என்று கேட்டார்.

அவருடைய அடிப்படைச் சம்பளம் 48,000 ரூபா. வாழ்க்கைச் செலவுப்படி 8,000, போக்குவரத்துப்படி 12,000. சேவைக்காலம் 11 வருடங்கள், 11 மாதங்கள், 10 நாட்கள். நிர்வாகம் 48,000இன் பாதியை 11ஆல் பெருக்கி, பணிக்கொடை 264,000 என்று எழுதியிருந்தது. முன்னறிவித்தல் இன்றி விலகியதற்காக ஒரு மாதச் சம்பளம் 68,000ஐக் கழித்து, 196,000க்குக் காசோலை தயாரித்திருந்தது. கொடுக்கும்போது அடிப்படைச் சம்பளம், கழிக்கும்போது எல்லாப் படிகளும்!

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனத்தில் ஐந்து வருடங்கள் பூர்த்தி செய்தவருக்கு உரியது. தாமாகவே விலகினாலும் அந்த உரிமை போகாது. மாதச் சம்பளக்காரருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும், கடைசியாகப் பெற்ற சம்பளத்தின்படி அரை மாதச் சம்பளம். அந்தச் சம்பளத்தில் வாழ்க்கைச் செலவுப்படியும் அடங்கும். ஆகவே கணக்கு 56,000இலிருந்து தொடங்க வேண்டும்: 28,000 பெருக்கல் 11, அதாவது 308,000 ரூபா. தாளில் 44,000 குறைந்திருந்தது.

முன்னறிவித்தல் விடயத்தில் தவறு நண்பருடையதே. நியமனக் கடிதம் இரு தரப்புக்கும் ஒரு மாதம் என்றது; நிர்வாகம் திடீரென நிறுத்தியிருந்தால் அந்தச் சம்பளத்தை அவர் கேட்டிருக்கலாம். ஆனால் அது ஒப்பந்தக் கடன். மோசடி, நிதிக் கையாடல், சொத்துக்கு வேண்டுமென்றே சேதம், பொருள் இழப்பு ஆகியவற்றுக்காக நீக்கப்பட்டவரே, அதுவும் ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கு மட்டுமே, பணிக்கொடையை இழப்பார். முன்னறிவித்தல் அந்தப் பட்டியலில் இல்லை.

விலகி 30 நாட்களுக்குள் பணிக்கொடை செலுத்தப்பட வேண்டும். பிந்தினால் முதல் மாதத்துக்குள் 10 வீதம் மேலதிகமாகச் சேரும். பன்னிரண்டு மாதங்களைக் கடந்தால் அது 30 வீதமாகும். இதைக் குறிப்பிட்டு, கணக்கையும் இணைத்து ஒரு கடிதம் எழுதினோம். தொழில் திணைக்களத்துக்குப் போக வேண்டிய அவசியம் வரவில்லை. 308,000க்குப் புதிய காசோலை வந்தது. முன்னறிவித்தல் தொகையை நண்பர் தனியே பேசித் தீர்த்துக்கொண்டார்.

நான் அவரிடம் சொல்லத் தயங்கிய கணக்கு ஒன்றும் உண்டு. ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து அந்த மாதம் வேலை செய்திருந்தால், 12 வருடங்கள் பூர்த்தியாகியிருக்கும். பணிக்கொடை 336,000 ஆகியிருக்கும். கழிக்க எதுவும் இருந்திராது. தேநீரைக் குடித்து முடிக்கும் முன் அவரே விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடித்துவிட்டார்.