பன்னிரண்டின் வர்க்கமூலம்

தலைநகர்ப் பள்ளியொன்றில் பத்தாம் வகுப்புப் பயிலும், நம் நண்பர் மகள், தேர்வுக்கு முந்தின மாலை நிறுவல் ஒன்றைக் கைப்பேசியில் அப்படியே ஒட்டி அனுப்பியிருந்தாள். அடியில் ஒரே வரி: “சரியா மாமா? ஆம், இல்லை என்று சொன்னால் போதும்.”

√12 ஒரு விகிதமுறா எண் என்று காட்டுவதே அவள் நோக்கம். √12 = p/q என்றும், p, q ஆகிய முழு எண்களுக்கு 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லை என்றும் கொள்கிறாள். வர்க்கப்படுத்தினால் p² = 12q². ஆகவே p² என்பது 12ஆல் வகுபடும். ஆகவே p-யும் 12ஆல் வகுபடும். p = 12k என்று இட்டால் q² = 12k² என வரும். ஆகவே q-வும் 12ஆல் வகுபடும். இது முரண். நிறுவப்பட்டது.

முடிவு மெய்யானதே. அதனால்தான் “ஆம்” என்று எழுதிவிடக் கை துடிக்கும். ஆனால் இத்தகைய நிறுவலை முடிவைக் கொண்டு அளக்கலாகாது. ஒவ்வோர் ‘ஆகவே’யிடமும் நின்று, இது எந்த உரிமையில் வந்தது என்று கேட்க வேண்டும். முதல் ‘ஆகவே’ பழுதற்றது. இரண்டாவதுதான் சந்தேகத்துக்குரியது. வர்க்கம் வகுபட்டால் எண்ணும் வகுபடும் என்ற தேற்றத்தைப் பாடநூல் பகா எண்ணுக்கு மட்டுமே தருகிறது. 12 பகா எண் அன்று. p = 6 எனில் 36 என்பது 12ஆல் வகுபடும்; 6 வகுபடாது.

இன்னொரு சோதனையும் உண்டு. 12 நின்ற இடங்களில் எல்லாம் 4-ஐ வைத்துப் படித்தால், ஒரு சொல்லும் மாறாமல் √4 விகிதமுறா எண் என்று ‘நிறுவப்பட்டு’விடும்! √4 என்பதோ வெறும் 2.

“இல்லை” என்று மட்டும் பதில் எழுதினால், √12 விகிதமுறு எண்ணோ என்று பெண் மயங்குவாள். “ஆம்” என்றால் மறுநாள் விடைத்தாளில் இதையே எழுதுவாள். ஆகையால் நாம் மூன்று வரி எழுதினோம்: “முடிவு சரி. இரண்டாம் ‘ஆகவே’ நிற்காது; p = 6 என்று இட்டுப் பார். 12-ஐ விட்டு 3-ஐப் பிடித்துக்கொள்.”

அரைமணியில் திருத்திய நிறுவல் வந்தது. p² என்பது 3ஆல் வகுபடும். 3 பகா எண், ஆகவே p-யும் வகுபடும். p = 3k எனில் 9k² = 12q², அதாவது 3k² = 4q². 4 என்பது 3ஆல் வகுபடாது. ஆகவே q² வகுபட்டே தீரும், q-வும் வகுபடும். முரண் கிட்டியது.

கூடவே நல்ல கேள்வி ஒன்றும் வந்தது: “2-உம் பகா எண்தானே, அதைப் பிடித்தால் ஆகாதா?” ஆகாது. p = 2k என்று இட்டால் k² = 3q² என நிற்கும்; q இரட்டை எண் என்று சொல்ல அதில் வழியில்லை. 12 = 2 × 2 × 3. இதில் 2 சோடியாக வருகிறது, 3 தனித்து நிற்கிறது. வர்க்க எண்ணில் எந்தப் பகாக் காரணியும் சோடி சோடியாகவே வருமாதலால், தனித்து நிற்பதே முரணைத் தரும். √18-க்கு எதைப் பிடிப்பாய் என்று கேட்டோம். “2” என்று உடனே பதில் வந்தது.